மைலோமா ஆகாத புரதம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அதன் முக்கிய நகரமான ராச்செஸ்டரில்தான் புகழ்பெற்ற மேயோ கிளினிக். அந்த வட்டாரத்து மக்களில் பெரும்பாலோர் எந்த நோய்க்கும் அங்கேதான் போகிறார்கள். 1995இல் அங்கிருந்த மருத்துவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் வேறு ஏதோ பரிசோதனைக்காக ரத்தம் எடுத்தால், மிஞ்சியதைக் கொட்டிவிடாமல் எடுத்துவைத்து, அதில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் அந்த வயதினர் 28,038 பேரில் 21,463 பேரின் ரத்தம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

694 பேரிடம் அந்தப் புரதம் இருந்தது. நூற்றுக்கு மூன்று பேர். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஐந்து. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். 2006இல் வெளியான இந்த ஆய்வு, இது முதியவர்களிடையே எவ்வளவு சகஜம் என்பதைக் காட்டியது. அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நீளமானது. 'இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒற்றைக்குல புரதநிலை' என்று ஏறத்தாழச் சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அவர்கள் அதை எம்கஸ் என்கிறார்கள். இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த எம்கஸ் எங்கிருந்து வருகிறது? எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்றொரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பதே அதன் தொழில். ஒவ்வொரு ஆன்டிபாடியும் இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு லேசான சங்கிலிகளும் சேர்ந்து ஆனது. லேசான சங்கிலியில் கப்பா, லாம்டா என இரண்டு வகை. ஆரோக்கியமான மஜ்ஜையில் ஆயிரக்கணக்கான பிளாஸ்மா செல் குடும்பங்கள் ஆளுக்கொரு ஆன்டிபாடி செய்துகொண்டிருக்கும். சில வேளை அவற்றில் ஒரு செல் மட்டும் பெருகி, தன்னைப் போன்ற வாரிசுகளை உருவாக்கிவிடுகிறது. அந்தக் குடும்பம் முழுவதும் ஒரே அச்சான புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனையில், மற்றப் புரதங்கள் மெத்தென்ற மேடாகத் தெரிய, இது மட்டும் கூர்மையான ஒரு முனையாக எழும். பரிசோதனைக்கூட அறிக்கைகளில் 'எம் ஸ்பைக்' அல்லது 'எம் பேண்ட்' என்று வருவது அதுதான்.

இந்தக் குடும்பம் கட்டுமீறிப் பெருகி எலும்பை அரித்து, சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தசோகையையும் கொண்டுவந்தால் அது மல்டிபிள் மைலோமா. மஜ்ஜைப் புற்றுநோய். எம்கஸ் அந்த எல்லையைத் தொடாதது. எம் புரதம் 100 மில்லிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவு. மஜ்ஜையில் அந்தச் செல்கள் பத்து சதவீதத்துக்குக் குறைவு. கால்சியம், சிறுநீரகம், ஹீமோகுளோபின், எலும்பு நான்கிலும் இதனால் ஏற்பட்ட கேடு எதுவும் இல்லை. இவை எல்லாம் பொருந்தினால்தான் அந்தப் பெயர்.

பெயரில் இருக்கும் 'உறுதியாகச் சொல்ல முடியாத' என்ற பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு இதைத் 'தீங்கற்றது' என்றே மருத்துவர்கள் அழைத்துவந்தார்கள். மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைல் தன்னிடம் வந்த 241 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு மைலோமா வந்தது. முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து யார் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல வழியில்லை. தீங்கற்றது என்று உறுதி கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் நியாயமல்ல என்று கருதி 1978இல் அவர் புதிய பெயரைச் சூட்டினார். மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான பெயர்கள் குறைவு.

கைலும் சக மருத்துவர்களும் பின்னர் 1,384 பேரைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட கணக்குதான் இன்றும் எல்லா மருத்துவர்களும் எடுத்துச் சொல்வது. எம்கஸ் உள்ளவருக்கு அது மோசமான நோயாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு சதவீதம். பத்து, இருபது ஆண்டுகள் ஆனாலும் அந்த ஒரு சதவீதம் தீர்ந்துபோவதில்லை; தொடர்ந்து கூடவே வருகிறது. ஆனாலும் அந்த 1,384 பேரில் நோய் முற்றியவர்கள் 115 பேர் மட்டுமே. வயதானவர்களாதலால் இதயநோய், பக்கவாதம் முதலான வேறு காரணங்களால் இறந்தவர்களே மிக அதிகம். எம்கஸ் என்று கேள்விப்பட்டதும் பதறிப்போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் உண்மை இது.

எல்லா எம்கஸும் ஒரே தரம் அல்ல என்பதும் அதே ஆய்வு வரிசையில் தெரியவந்தது. எம் புரதம் 1.5 கிராமுக்குக் கீழே, அது ஐஜிஜி வகை, ரத்தத்தில் தனியே திரியும் லேசான சங்கிலிகளில் கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் உள்ள விகிதம் இயல்பு என்று மூன்றும் சாதகமாக இருப்பவருக்கு இருபது ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு ஐந்து சதவீதம். மூன்றும் பாதகமாக இருந்தால் ஐம்பத்தெட்டு சதவீதம்.

இதுவரை சொன்னதெல்லாம் அளவைப் பற்றிய பேச்சு. எவ்வளவு புரதம், எவ்வளவு செல்கள், எல்லையைத் தாண்டியதா இல்லையா? அந்த 115 பேரின் பட்டியலைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தால் அளவுக்குள் அடங்காத ஒரு கூட்டம் கண்ணில் படும். 75 பேருக்கு மைலோமா வந்தது. 10 பேருக்கு வந்தது மைலோமா அல்ல. மற்றவர்கள் லிம்ஃபோமா முதலான வேறு ரத்தநோய்களுக்கு ஆளானவர்கள். அந்தப் பத்துப் பேருக்கு வந்ததன் பெயர் லேசான சங்கிலி அமிலாய்டோசிஸ், சுருக்கமாக ஏ.எல். அமிலாய்டோசிஸ்.

இதில் பெரும்பாலோரின் மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் எம்கஸ் அளவிலோ அதைவிடச் சற்றே கூடுதலாகவோதான் இருக்கும். எலும்பு அரிப்பு இராது. கால்சியம் ஏறாது. செல்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறவர் இது ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் இதயத்தில் இது தங்கிவிட்டால், சிகிச்சையில்லாத நிலையில் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கும். பல மைலோமா நோயாளிகளைவிட இவர்களுடைய நிலை ஆபத்தானது.

சிக்கல் செல்லில் இல்லை, அது வெளியே விடும் சங்கிலியில் இருக்கிறது. ஆன்டிபாடி செய்யும்போது ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளைக் கலைத்து அடுக்கி, போதாததற்கு அங்கங்கே எழுத்துகளையும் மாற்றிக்கொள்கிறது. கிருமிகள் எத்தனை வடிவில் வந்தாலும் எதிர்கொள்ள உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அதனால் ஒருவரின் எம் புரதம் இன்னொருவருடையதைப் போல அப்படியே இருப்பதில்லை. சிலருடைய செல்கள் செய்யும் லேசான சங்கிலி, பெரும்பாலும் லாம்டா வகை, நிலைகொள்ளாத மடிப்பு உடையதாக அமைந்துவிடுகிறது. அது அவிழ்ந்து, தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, உடலால் எளிதில் கரைக்க முடியாத நுண்ணிய இழையாகிறது. பானைப் பாலுக்கு ஒரு துளி உறைமோர் போதுமானது போல, ஏற்கெனவே படிந்த இழை அடுத்து வரும் சங்கிலிகளையும் தன் வழிக்கு இழுக்கிறது. சொற்ப அளவில் புரதம் சுரந்தும் பெருங்கேடு விளைவது இதனால்தான்.

இந்தச் சங்கிலியை மருத்துவ உலகம் முதலில் சந்தித்தது 1845இல். லண்டனில் 45 வயதான ஒரு மளிகைக் கடைக்காரர் எலும்புவலியால் துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சிறுநீரைச் சூடாக்கியபோது விசித்திரம் ஒன்று தெரிந்தது: மிதமான சூட்டில் திரண்டது, கொதிக்கும்போது கரைந்தது, ஆறியதும் மறுபடி திரண்டது. மருத்துவர்கள் அதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் வல்ல மருத்துவரிடம் அனுப்பி, இது என்ன என்று கேட்டார்கள். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தக் கடைக்காரருக்கு இருந்தது மைலோமா. அந்தப் புரதம் ஆன்டிபாடியின் லேசான சங்கிலிதான் என்று 1962இல் ஜெரால்டு எடல்மனும் ஜோசப் கேலியும் நிறுவினார்கள். அமிலாய்டு இழைக்கும் அதே சங்கிலிக்கும் உள்ள உறவு 1971இல் ஜார்ஜ் கிளென்னர் குழுவினரால் வெளிப்பட்டது. இழையைப் பிரித்து அதன் அமினோ அமிலங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அது லேசான சங்கிலியின் துண்டாகவே இருந்தது.

இனி ஒரு நோயாளியின் கதையைப் பார்ப்போம். இவர் தனி மனிதர் அல்ல. இந்நோயாளிகள் பலரின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் சம்பவங்களைக் கோத்து அமைத்த மாதிரி.

வயது 62. பத்தாண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவில் இரு கைகளும் மரத்துப்போயின. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சின்ன அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பிறகு எழுந்து நின்றால் தலைசுற்றியது. அளந்து பார்த்தால் அழுத்தம் 100க்கு 60. மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். சில மாதங்களில் நிறுத்தியே விட்டார். பிரஷர் குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீண்டகாலம் மாத்திரை எடுத்தவருக்கு எந்தக் காரணமுமில்லாமல் அழுத்தம் இறங்கிக்கொண்டே போவது இந்நோயின் முக்கியமான தடயம். நரம்பும் இதயமும் இழைகளால் பழுதடைவதால் வரும் இறக்கம் அது.

அடுத்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. சிறுநீரில் நுரை நின்றது. எக்கோ எடுத்தார்கள். இதயச் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருந்தது. இயல்பாக அது 11ஐத் தாண்டாது. சுருங்கிப் பம்பு செய்யும் திறன் 60 சதவீதம், நன்றாகவே இருந்தது. 'பழைய பிரஷரால் தடித்த இதயம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பலருடைய கோப்பில் இந்த வரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதே கோப்பில் ஈ.சி.ஜி.யும் இருந்தது. அழுத்தத்தால் தசை தடித்திருந்தால் ஈ.சி.ஜி. அலைகள் வழக்கமாக உயர்ந்து எழ வேண்டும். தசை அதிகமானால் மின்னோட்டமும் அதிகம். இவருக்கோ அலைகள் குட்டையாக இருந்தன. எக்கோவில் தடிப்பு, ஈ.சி.ஜி.யில் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே முடிவுதான்: தடித்திருப்பது தசை அல்ல, தசைகளுக்கு இடையே வேறு ஏதோ படிந்திருக்கிறது. எல்லா நோயாளிக்கும் இந்த முரண் இவ்வளவு தெளிவாக இராது. ஆனால் இருக்கும்போது அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்துபோவதுதான் வருத்தம் தரும் விஷயம்.

நுரைத்த சிறுநீர் அவரைச் சிறுநீரக மருத்துவரிடம் கொண்டுபோனது. ஒரு நாளில் சிறுநீரில் வெளியேறிய புரதம் 5.6 கிராம், ரத்த அல்புமின் 2.4. சர்க்கரை நோய் இல்லை. கிரியாட்டினின் சரியாகவே இருந்தது. எலக்ட்ரோஃபோரசிஸ் கேட்டார், எம் ஸ்பைக் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பல இடங்களில் தேடல் இங்கே முடிந்துவிடும். ஏ.எல். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தச் சோதனையில் முனை தெரிவதே இல்லை. சுரக்கும் புரதம் அவ்வளவு சொற்பம். அதனால் மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது விதி. ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன் என்ற நுட்பமான சோதனை, அவற்றோடு ரத்தத்தில் தனியே திரியும் லேசான சங்கிலிகளை அளக்கும் சோதனை. மூன்றாவதாகச் சொன்னது புழக்கத்துக்கு வந்தது 2001ஐ ஒட்டித்தான். அதற்கு முன் நோய் எவ்வளவு இருக்கிறது, சிகிச்சை பலிக்கிறதா என்று அளக்கவே நல்ல வழியில்லை.

அந்தச் சோதனை செய்ததும் முகமூடி கழன்றது. லிட்டருக்குக் கப்பா 18 மில்லிகிராம், லாம்டா 310. விகிதம் 0.06, இயல்பு 0.26 முதல் 1.65 வரை. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் எட்டு சதவீதம். ஹீமோகுளோபின், கால்சியம், எலும்பு எல்லாம் இயல்பு. மைலோமா இல்லை.

சங்கிலி இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, அது உறுப்பில் இழையாகப் படிந்திருக்கிறதா என்று கண்ணால் காண வேண்டும். இதயத்தையோ சிறுநீரகத்தையோ குத்தித்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அடிவயிற்றுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுத்தால் நான்கில் மூன்று பேருக்கு விடை கிடைத்துவிடும். மஜ்ஜைத் துண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிகம். இரண்டிலும் இல்லையென்றால்தான் பாதிக்கப்பட்ட உறுப்பிலிருந்து எடுப்பார்கள். காங்கோ ரெட் என்ற துணிச்சாயத்தைப் பூசி, முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் அமிலாய்டு இருக்கும் இடம் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். நூறாண்டு பழைய இந்தச் சாயத்துக்கு இன்னும் மாற்று வரவில்லை.

பச்சையைப் பார்த்ததும் கீமோதெரபி தொடங்கிவிடலாமா? கூடாது. இங்கேதான் அனுபவமுள்ள மருத்துவர்களும் இடறுகிறார்கள். அமிலாய்டு இழையாக மாறக்கூடிய புரதங்கள் உடலில் முப்பதுக்கும் மேல் உண்டு. கல்லீரல் செய்யும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் வயதான ஆண்களின் இதயத்தில் படிந்து இதே போலச் சுவரைத் தடிக்க வைக்கும். இதே போல மணிக்கட்டு நரம்பையும் அழுத்தும். அந்த வயதில் எம்கஸ் இருப்பதும் சகஜம் என்று ஓம்ஸ்டெட் ஆய்வில் பார்த்தோம். ஒரே ஆளிடம் டிரான்ஸ்தைரெட்டின் இழையும், அதற்குச் சம்பந்தமில்லாத எம்கஸும் சேர்ந்திருந்தால், எம்கஸைக் குற்றவாளியாக்கி, எழுபத்தைந்து வயதுக்காரருக்குத் தேவையே இல்லாத கீமோ கொடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எதிர்த்திசைத் தவறும் உண்டு: இதயத்துக்கான பைரோஃபாஸ்ஃபேட் ஸ்கேனில் ஒளிர்வு தெரிந்ததும் டிரான்ஸ்தைரெட்டின்தான் என்று முடிவுகட்டி, லேசான சங்கிலியை அளக்காமலே விட்டுவிடுவது. ஏ.எல். நோயாளிகள் சிலருக்கும் அந்த ஸ்கேன் ஒளிரும். அப்படித் தவறவிட்டால் இழப்பது மாதங்களை. இந்நோயாளிக்கு மாதங்கள்தான் கையிருப்பு. அதனால்தான் பச்சை மின்னிய அந்தப் புள்ளியை லேசரால் வெட்டியெடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவியில் இட்டு, இழை எந்தப் புரதத்தால் ஆனது என்று வகை பிரிக்கிறார்கள். நம் நோயாளியின் இழை லாம்டாவால் ஆனது என்று அது உறுதி செய்தது. முதல் அறிகுறியிலிருந்து இங்கே வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்தத் தாமதத்தின் விலை இதயத்தில் தெரியும். இதயம் திணறும்போது ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பொருள் ஏறும். அதையும் ட்ரோபோனினையும் அளந்தே இந்நோயின் கட்டம் தீர்மானிக்கப்படுகிறது. என்டி-ப்ரோபிஎன்பி 332க்குள் இருந்தால் இதயம் ஏறத்தாழத் தப்பியிருக்கிறது. 8,500ஐத் தாண்டினால் நிலைமை மிகக் கடுமை. இவருக்கு 4,100.

சிகிச்சையின் நோக்கம் படிந்ததைக் கரைப்பதல்ல, சங்கிலி சுரக்கும் செல் குடும்பத்தை அழித்து வரத்தை நிறுத்துவது. பல ஆண்டுகளாக மைலோமாவின் மருந்துகளையே கடன் வாங்கிக் கொடுத்துவந்தார்கள். போர்டெசோமிப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டெக்சாமெதசோன் மூன்றும் சேர்ந்த கூட்டு பரவலான வழக்கமாயிற்று. உடல் தாங்கும் சிலருக்கு அவர்களுடைய சொந்த மூலச்செல்லைக் கொண்டே மாற்றுச் சிகிச்சையும் செய்வதுண்டு. பிளாஸ்மா செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறியைப் பற்றிக்கொண்டு அதைக் கொல்லும் டாராடுமுமாப் என்ற ஊசி வந்தபின் நிலைமை மாறியது. 388 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2021இல் வெளியானது. பழைய மூன்று மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கே ரத்தத்திலிருந்து கெட்ட சங்கிலி முற்றிலும் மறைந்தது. டாராடுமுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கு மறைந்தது. ஆறு மாதத்தில் இதயம் தேறியவர்கள் 22 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு இந்நோய்க்கென்றே அதை அனுமதித்தது. அவ்வாறு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஒன்றை மறைக்கக் கூடாது: என்டி-ப்ரோபிஎன்பி 8,500ஐத் தாண்டியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மிக மோசமான நிலையில் வருகிறவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த மருந்தின் பெயர் அரசியல் செய்தியிலும் ஒரு முறை அடிபட்டது. பாகிஸ்தானின் முன்னாள் அதிபர் பர்வேஸ் முஷாரஃபுக்கு அமிலாய்டோசிஸ் இருப்பது 2018இல் வெளியே தெரிந்தது. 2022 ஜூனில் அவர் துபாயில் மருத்துவமனையில் இருந்தபோது, உறுப்புகள் செயலிழந்து வருவதாகக் குடும்பத்தினர் அறிவித்தார்கள். நாடு திரும்புவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, டாராடுமுமாப் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், அந்த வசதி இப்போது அங்கே இல்லை என்றும் சொன்னார்கள். 2023 பிப்ரவரி 5 அன்று துபாயிலேயே அவர் காலமானார்.

நம் மாதிரி நோயாளிக்கு நான்கு மருந்துகளும் தொடங்கி, பலன் நன்றாக அமைந்தால், லாம்டா இரண்டு மாதங்களிலேயே இயல்பளவுக்கு இறங்கும். அதைத் தொடர்ந்து என்டி-ப்ரோபிஎன்பியும் குறையும். எக்கோவில் சுவரின் தடிப்பு மாறாமல் இருக்கும்போதே அவருக்கு மூச்சு சீராவதுண்டு. படிந்த இழை மட்டுமல்ல, ரத்தத்தில் மிதந்து வரும் சங்கிலியே இதயத் தசைக்கு நஞ்சு என்று மருத்துவர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம். சிறுநீரகம் தேற இன்னும் நாளாகும்; ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை உப்பைக் குறைத்து, நீர் வெளியேற்றும் மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் விழுந்துவிடும். மற்ற இதய நோயாளிகளுக்குச் சாதாரணமாகத் தரும் வெராபமில், டில்டியாசெம் போன்ற மாத்திரைகள் இவர்களுக்கு ஆபத்தாகலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களையும் பலரால் தாங்க முடிவதில்லை. சரியான பெயர் வைப்பதற்கு முன் 'தடித்த இதயம்' என்று நினைத்துக் கொடுத்த மருந்தே சிலரைப் படுக்கையில் தள்ளியிருக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்தத்தைப் பல ஆண்டுகளாகச் சேமித்துவைத்திருக்கிறது. பின்னாளில் ஏ.எல். நோய் வந்த சிலரின் பழைய ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே லேசான சங்கிலி கோணலாக இருந்தது தெரிந்தது. அதாவது அவர்கள் எல்லோரும் எம்கஸ் நிலையைக் கடந்தே வந்திருக்கிறார்கள். ஆனால் அதே கோணல் இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அதனால்தான் எல்லோருக்கும் எம்கஸ் சோதனை செய்யும்படி இன்று பரிந்துரை இல்லை. ஐஸ்லாந்தில் 2016 முதல் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் அழைத்து நடக்கும் ஆய்வில் எண்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். இப்படித் தேடிப் பிடிப்பது உயிரைக் காக்கிறதா, வீண் கவலையைத்தான் தருகிறதா என்பதே அதன் கேள்வி.

அதற்கு விடை வரும்வரை, எம்கஸ் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் எம் புரதத்தை அளப்பார்கள். ஆபத்து குறைந்தவர்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். பல இடங்களில் எம் புரதம், ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின் நான்கையும் பார்த்து, கூடவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அவை மைலோமாவைத் தேடும் சோதனைகள். அமிலாய்டு அவற்றில் சிக்காது. நம் நோயாளிக்கு நான்குமே சரியாக இருந்தன. லேசான சங்கிலியின் விகிதம் கோணலாக இருப்பவர்களுக்காவது சிறுநீரில் அல்புமினையும் ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பியையும் சேர்த்துப் பார்ப்பது அதிகச் செலவில்லாத வேலை. கூடவே சில கேள்விகள் கேட்க வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? பிரஷர் மாத்திரையைக் குறைக்க நேர்ந்ததா? பாதம் மரக்கிறதா? உடல் எடை காரணமில்லாமல் குறைகிறதா? கண்ணைக் கசக்கியதும் இமையைச் சுற்றி ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகிறதா? நாக்கு தடித்து, ஓரத்தில் பல் தடம் பதிகிறதா? நாக்குத் தடிப்பு எட்டில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் அது ஏறத்தாழ ஏ.எல்.லுக்கே உரிய அடையாளம். அதை முதலில் கவனிப்பவர் பல் மருத்துவராகவும் இருக்கலாம்.